நைட் முடித்து வந்து எடுத்த வெறும் வயிற்று சர்க்கரை 118. இதை நம்பலாமா?

மூன்றாம்_ஷிஃப்ட் | 3 பிப்ரவரி, காலை 10:40

நிரந்தர நைட், இரவு 10 முதல் காலை 6 வரை. வயது 38. வேலை முடிந்த கையோடு லேபுக்குப் போய் 7:30க்கு ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 118 வந்திருக்கிறது. போன மாதம் லீவில் இருந்தபோது, ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து எடுத்தது 96. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.5. ஒரே ஆள், ஒரே லேப். கூட வேலை பார்ப்பவர் "நைட் பார்த்தால் கார்டிசால் ஹார்மோன் எகிறும், அதுதான் சர்க்கரையை ஏற்றுகிறது" என்கிறார். இந்த இரண்டில் எது என் உண்மையான சர்க்கரை?

விடியல்_வார்டு | 3 பிப்ரவரி, காலை 11:25

ராத்திரி கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன உள்ளே போனது? காபியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம்_ஷிஃப்ட் | 3 பிப்ரவரி, காலை 11:31

மூன்று மணிக்கு ஒரு சாண்ட்விச், வாழைப்பழம். ஐந்து மணிக்கு காபி, சர்க்கரை போட்டதுதான். லேபில் "காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

விடியல்_வார்டு | 3 பிப்ரவரி, மதியம் 12:05

அப்படியானால் அந்த 118 வெறும் வயிற்று அளவே இல்லை. தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகாமல் குறைந்தது 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு காபி குடித்து இரண்டரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. லேபில் கேட்ட கேள்வி ராத்திரி தூங்குகிறவர்களுக்கானது. அவர்களுக்குக் காலை என்பது நாளின் தொடக்கம், நமக்கு அது நேற்றைய நாளின் வால். கேட்டவர் மேல் குறையில்லை, ஆனால் நாம்தான் சொல்லியாக வேண்டும்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பல வருடமாக மாதத்தில் பாதி நைட். டூட்டி முடிந்து போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிட்டு, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பயந்துகொண்டிருந்தவர்களை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே சாப்பாட்டு நேரத்தை முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டுவிட்டு கார்டிசாலுக்கு வருவோம். அதற்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் உங்கள் நண்பர் சொல்கிற விதத்தில் இல்லை.

இரும்புத்_தூக்கம் | 3 பிப்ரவரி, மாலை 6:50

இதெல்லாம் வீண் பயம். நைட்டை மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் பிரச்சனை. நிரந்தரமாகப் பார்த்தால் ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிடும், கார்டிசாலும் அப்படியே தலைகீழாகத் திரும்பிவிடும். நானே அனுபவித்தது. முதல் மூன்று நாள் கஷ்டம், அப்புறம் பகலில் எட்டு மணி நேரம் அடித்துப்போட்டமாதிரி தூக்கம்.

விடியல்_வார்டு | 4 பிப்ரவரி, மாலை 4:15

என் உடம்பு சொல்வது வேறு. நான்கு மணி வாக்கில் ஒரு குளிர் வரும், நைட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஏசியின் அளவு மாறியிருக்காது. ஆனாலும் கை விரல் சில்லிட்டு, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு சூடாக ஏதாவது குடிக்கத் தேடுவோம். உடம்பின் உள்வெப்பம் ஒரு நாளில் மிகக் கீழே இறங்கும் நேரம் அதுதான். அங்கிருந்து ஆறு, ஏழு மணிக்குள் தானாகவே ஒரு தெளிவு வந்துவிடும். கண் எரியும், மூளை மட்டும் விழித்துக்கொள்ளும். தூக்கம் போதாதவளுக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வருகிறது? உள்ளே ஓடுகிற கடிகாரம் இன்னமும் பகல் மனுஷியின் கடிகாரமாகவே இருப்பதால்தான்.

கார்டிசால் நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும், பின்னிரவில் ஏறத் தொடங்கும், விடிந்த பின் உச்சத்துக்கு வரும். கண் விழித்த அரை மணி, முக்கால் மணியில் இன்னொரு சிறு ஏற்றமும் உண்டு. நைட் பார்க்கிறோம் என்பதற்காக இந்த வளைவு அப்படியே கூடவே நகர்ந்து வருவதில்லை. அதாவது, வேலைக்குப் போய் உட்காரும்போது அது படுத்துக்கிடக்கிறது, நாம் படுக்கப் போகும்போது அது எழுந்து நிற்கிறது. "நைட் பார்த்தால் கார்டிசால் எகிறும்" என்பதைவிட, அளவு ஏறக்குறைய அதேதான், நேரம்தான் நமக்குப் பொருந்தாமல் நிற்கிறது என்பது சரியாக இருக்கும்.

சுரப்பிக்காரர் | 4 பிப்ரவரி, இரவு 9:30

நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் இருக்கிறேன். விடியல் சொன்னது சரி, இரண்டு திருத்தம்.

ஒன்று, பகலில் நாலைந்து மணி நேரத்தில் தூக்கம் கலைவதற்கு கார்டிசாலை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள். கார்டிசால் கடிகாரத்தின் முள், எந்திரம் மூளையில் இருக்கிறது. அந்த எந்திரம் அதே நேரத்தில் உடல் வெப்பத்தையும் ஏற்றுகிறது, விழிப்பையும் தூண்டுகிறது. முள்ளைப் பிடித்து நிறுத்தினால் நேரம் நின்றுவிடாது.

இரண்டு, "அளவு அதேதான்" என்பதும் எப்போதும் பொருந்தாது. தூக்கம் குறைந்துகொண்டே போனால் சாயங்காலத்தில் இறங்க வேண்டிய கார்டிசால் முழுசாக இறங்காது. 1999இல் ஸ்பீகல், வான் கௌட்டர் குழு 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தது. சாயங்காலக் கார்டிசால் உயர்ந்தது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. ஆக, நேரம் மாறிப்போனது ஒரு கோளாறு, தூக்கக் கடன் இன்னொரு கோளாறு. நைட்காரருக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது.

நிரந்தர நைட் பார்த்தால் பழகிவிடும் என்பவருக்கு: ஃபோல்கார்ட் 2008இல் இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார், ராத்திரியில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோனை வைத்து. கடிகாரம் முழுசாகத் திரும்பியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

இரும்புத்_தூக்கம் | 4 பிப்ரவரி, இரவு 10:02

அப்போ நான் அந்த மூன்று பேரில் ஒருவனா? பொய் சொல்லவில்லை சார், நிஜமாகவே பழகியது.

சுரப்பிக்காரர் | 4 பிப்ரவரி, இரவு 10:20

எங்கே வேலை பார்த்தீர்கள்?

இரும்புத்_தூக்கம் | 4 பிப்ரவரி, இரவு 10:24

கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில். இரண்டு வாரம் நைட், அப்புறம் லீவு.

சுரப்பிக்காரர் | 4 பிப்ரவரி, இரவு 10:41

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அங்கே பழகுவது உண்மை, அளந்தே காட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் வெயிலில் வீடு திரும்பும் பயணம் கிடையாது. ஜன்னல் இல்லாத அறை. மொத்தக் கூட்டமும் அதே நேரத்தில் தூங்கும். கடிகாரத்தைப் பகலுக்கு இழுக்கும் வெளிச்சம் கண்ணில் படுவதே இல்லை. தரையில் வேலை பார்ப்பவருக்கு காலை ஏழு மணி வெயில் தினமும் முகத்தில் விழுகிறது. ராத்திரி கொஞ்சம் நகர்ந்த கடிகாரத்தையும் அது திரும்பப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். உங்கள் அனுபவம் சரி, அதை எல்லோருக்கும் நீட்டியதுதான் பொருந்தவில்லை.

ஒன்று கேட்கிறேன், லீவுக்கு வீடு வந்ததும் எப்படி இருந்தது?

இரும்புத்_தூக்கம் | 4 பிப்ரவரி, இரவு 10:50

அது நரகம். ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் ஒழுங்காகப் பேச மாட்டேன்.

விடியல்_வார்டு | 6 பிப்ரவரி, பிற்பகல் 3:40

சர்க்கரைக்கு வருகிறேன். இதுதான் நான் முக்கியமாக நினைப்பது.

கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே அனுப்பச் சொல்வது கார்டிசாலின் வேலைகளில் ஒன்று. தசையில் இன்சுலின் எடுபடுவதையும் அது கொஞ்சம் தடுக்கும். காலையில் எழுந்து ஓடப் போகிறவருக்கு அது உதவி. படுக்கப் போகிறவருக்குத் தேவையில்லாத சப்ளை. ஆனால் நைட்டில் பெரிய அடி சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. கடிகாரம் ராத்திரி என்று நினைக்கிற நேரத்தில் கணையம் மெதுவாக வேலை செய்யும். அந்நேரம் ரத்தத்தில் நிறைந்திருக்கும் மெலடோனினும் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். அதனால் அதே சாப்பாடு, அதே அளவு, நேரம் மட்டும் மாறினால் சர்க்கரை வேறு.

இதை நானே அளந்து பார்த்தேன். வீட்டிலிருந்து ஒரே மாதிரி டப்பா, மாவுச்சத்தை எடை போட்டு வைத்தது. ஆஃப் நாளில் மதியம் 1 மணிக்கும், டூட்டியில் அதிகாலை 2:30க்கும் சாப்பிட்டேன். சாப்பிடும் முன், முதல் வாய் வைத்ததிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து, விரலில் குத்தி எடுத்தேன். மதியம் 92, 128, 106. அதிகாலை 95, 158, 147. இது ஒரு சோடி எண். வேறு நாட்களிலும் எடுத்தேன், எண்கள் முன்னே பின்னே இருக்கும், திசை மாறவில்லை. என்னை யோசிக்க வைத்தது 158 இல்லை, அந்த 147. மதியம் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்ட சர்க்கரை, அதிகாலையில் இறங்க மனசில்லாமல் அங்கேயே நின்றது.

சுரப்பிக்காரர் | 6 பிப்ரவரி, இரவு 8:15

அழகான முயற்சி. ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் எத்தனை மணி நேரம் வயிறு காலி, அதிகாலைக்கு முன் எத்தனை? முந்தின வேளை அடுத்த வேளையின் சர்க்கரையை மாற்றும். ஆஃப் நாளில் தூங்கி எழுந்தவர், டூட்டியில் பதினைந்து மணி நேரமாக விழித்திருப்பவர். நடையும் சமமில்லை.

அப்புறம் மீட்டர். தரமான மீட்டருக்கே 100க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் போக அனுமதி உண்டு. 92க்கும் 95க்கும் வித்தியாசம் பார்க்கவே கூடாது. 106க்கும் 147க்கும் உள்ளது அதைத் தாண்டிய இடைவெளி, அதனால் ஒப்புக்கொள்கிறேன். குத்தும் முன் கையைக் கழுவித் துடைத்தீர்களா? பழம் தொட்ட விரல் மீட்டரை நன்றாகவே ஏமாற்றும்.

விடியல்_வார்டு | 6 பிப்ரவரி, இரவு 8:40

கை கழுவுவது எங்கள் தொழில், அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டு தடவையும் முன்னால் ஐந்தரை மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை. தூக்கமும் நடையும் சமமில்லை என்பது உண்மை. வார்டில் உட்கார நேரம் கிடைப்பதில்லை, அதனால் அதிகாலையில்தான் அதிகம் நடக்கிறேன். அப்படியும் ஏறுகிறது என்றால், நடை குறைந்ததால் ஏறியது என்று சொல்ல முடியாதே.

சுரப்பிக்காரர் | 6 பிப்ரவரி, இரவு 9:05

ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வார்டில் சமன் செய்ய முடியாததை ஆய்வுக்கூடத்தில் சமன் செய்து பார்த்திருக்கிறார்கள். 2009இல் ஹார்வர்டில் ஷியர் குழு பத்து பேரை வெளிச்சமும் நேரமும் தெரியாத அறையில் வைத்து, 28 மணி நேர "நாள்" வாழ விட்டது. தூக்கமும் சாப்பாடும் உள்கடிகாரத்துக்கு நேர் எதிராக வந்து நின்றபோது, இன்சுலின் 22 சதவீதம் கூடுதலாகச் சுரந்தும் சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. பசியை அடக்கும் லெப்டின் 17 சதவீதம் இறங்கியது. போதிய அளவுகள் கிடைத்த எட்டு பேரில் மூன்று பேருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை, நோயின் வாசலில் நிற்பவர்களுடையது போல ஆனது. எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், சில நாட்களில் நடந்தது இது.

அதே குழுவினர் 2021இல் சாப்பாட்டு நேரத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். 19 பேர், செயற்கை நைட் டூட்டி. ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. அதே நைட்டைப் பார்த்து, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. தூக்கம் இரு பக்கமும் தலைகீழ்தான். வித்தியாசம் சாப்பாட்டு நேரம் மட்டுமே.

கொழுப்பு_குறைப்பு | 6 பிப்ரவரி, இரவு 11:10

அப்போ கார்டிசாலைக் குறைக்க நல்ல மாத்திரை எது? நானும் நைட்தான், வயிறு போடுகிறது.

சுரப்பிக்காரர் | 6 பிப்ரவரி, இரவு 11:22

நைட் டூட்டிக்காக அப்படி எந்த மாத்திரையும் எழுத மாட்டோம். காலையில் ஏறுவது நோய் இல்லை, உடம்பின் வேலை. "அட்ரீனல் சோர்வு" என்ற பெயரில் விற்பதையும் வாங்காதீர்கள், எங்கள் துறையில் அப்படி ஒரு நோய்க்கணிப்பு கிடையாது. கார்டிசால் நிஜமாகவே அளவு மீறும் நோய் வேறு. தோலில் அகலமான ஊதா வரிகள் தோன்றும், தொடையும் தோளும் வலுவிழந்து நாற்காலியிலிருந்து எழவே தடுமாறுவார்கள், தொட்டதற்கெல்லாம் தோல் கன்றும். அப்படி இருந்தால் நேரில் வாருங்கள். அப்போதும் நைட் பார்ப்பவர் என்று சொல்லிவிடுங்கள். நள்ளிரவு எச்சிலில் கார்டிசால் அளக்கும் சோதனை ஷிஃப்ட் மாறுபவர்களுக்குத் தப்பான விடை தரும், அதனால் வேறு சோதனையைத் தேர்ந்தெடுப்போம்.

விடியல்_வார்டு | 8 பிப்ரவரி, மாலை 5:20

"வயிறு போடுகிறது" என்றதை மாத்திரையோடு முடித்துவிட்டோமே என்று தோன்றியது. பசியைப் பற்றிக் கொஞ்சம்.

உள்கடிகாரத்தின்படி பசி சாயங்காலம் எட்டு மணி வாக்கில் உச்சத்திலும், காலை எட்டு மணி வாக்கில் அடியிலும் இருக்கும். டூட்டி முடித்து வீட்டுக்கு வந்தால் தட்டைப் பார்க்கவே பிடிக்காததற்குக் காரணம் அதுதான். அப்படியென்றால் மூன்று மணிக்கு வருவது என்ன பசி? நான் கவனித்த வரையில் அது வயிற்றிலிருந்து வருவதில்லை. இனிப்பாக, மொறுமொறுப்பாக, சூடாக என்று குறிப்பாகக் கேட்கும். வயிறு காலியானால் எதைக் கொடுத்தாலும் போதும், இது அப்படி விடாது. தூக்கக் குறைவு, அந்த நான்கு மணிக் குளிர், கண் சொருகாமல் இருக்க ஏதாவது மெல்ல வேண்டும் என்ற தவிப்பு, எல்லாம் கலந்தது.

நான் இப்போது செய்வது: டூட்டிக்குப் போகும் முன் ஏழரை மணிக்குள் முழுச் சாப்பாடு. பசி உச்சத்தில் இருக்கிற நேரம் என்பதால் நன்றாக இறங்கும். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர், சர்க்கரை போடாத சூடான பானம். தாங்கவே முடியாவிட்டால் முட்டை, கொட்டைப் பருப்பு மாதிரி மாவுச்சத்து குறைந்தது ஒரு சின்னக் கை. வீட்டுக்கு வந்து கொஞ்சமாகச் சாப்பிட்டுப் படுப்பேன், வெறும் வயிற்றோடு படுத்தால் பன்னிரண்டு மணிக்கே எழுப்பிவிடும். காபி இரண்டு மணிக்கு மேல் தொடுவதில்லை. குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். மூன்றாம்_ஷிஃப்ட் தம்பி, உங்கள் ஐந்து மணி காபியை முதலில் நிறுத்துங்கள், சர்க்கரைக்கும் சேர்த்து.

நெடுஞ்சாலை_நிலவு | 9 பிப்ரவரி, காலை 7:15

அக்கா, நான் லாரி ஓட்டுகிறேன், ராத்திரி ஓட்டம்தான். மூன்று வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. க்ளிமெபிரைட் ஒன்று, மெட்ஃபார்மின் இரண்டு. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். இரண்டு மணிக்குக் கை நடுங்கி வேர்த்துவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு ஜூஸ் குடித்தேன். இது பழக்கமாகும் வரைதானே?

சுரப்பிக்காரர் | 9 பிப்ரவரி, காலை 7:28

இல்லை. பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இது சர்க்கரை தாழ்ந்து போனதன் அறிகுறி. க்ளிமெபிரைட் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரையோடு வேளையை விட்டு வண்டி ஓட்டுவது உங்களுக்கும் சாலையில் இருப்பவருக்கும் ஆபத்து. இன்று பழையபடி சாப்பிடுங்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை எந்த வேளையோடு எடுப்பது, வேறு மாத்திரைக்கு மாறலாமா என்று கேளுங்கள். அதுவரை வண்டி எடுக்கும் முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது.

விடியல்_வார்டு | 9 பிப்ரவரி, காலை 8:50

நேற்றைய குறிப்பின் மேலே இதைச் சேர்க்கிறேன், பின்னால் வருகிறவர் கண்ணில் படட்டும்: சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என் சாப்பாட்டு நேரத்தைப் பின்பற்றக் கூடாது. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்கும் இல்லை. நிலவு, மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

தோள்_சென்சார் | 11 பிப்ரவரி, மாலை 4:05

நான் கையில் ஒட்டும் சென்சார் போட்டிருக்கிறேன். நைட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவது விடியல் சொன்ன மாதிரியே. ஆனால் பகலில் தூங்கும்போது திடீரென்று 58 என்று அலாரம் அடிக்கிறது. எனக்கு மாத்திரை எதுவும் இல்லை. இது என்ன?

விடியல்_வார்டு | 11 பிப்ரவரி, மாலை 4:30

அந்தக் கை மேலேயே ஒருக்களித்துப் படுக்கிறீர்களா? சென்சார் அழுந்தினால் அப்படித் தாழ்ந்து காட்டும். கோடு செங்குத்தாக விழுந்து, புரண்டு படுத்ததும் அதே மாதிரி செங்குத்தாக ஏறும். அடுத்த தடவை அலாரம் அடித்தால் விரலில் குத்தி ஒப்பிடுங்கள். பகல் தூக்கமே அரைகுறை, அதையும் அலாரம் கெடுத்தால் எப்படி? மறு கைக்கு மாற்றிப் பாருங்கள்.

இரும்புத்_தூக்கம் | 12 பிப்ரவரி, இரவு 9:15

சுரப்பிக்காரர் சார், கடல் மேடையில் நடந்ததைத் தரையில் கொண்டுவர முடியாதா? கறுப்புக் கண்ணாடி, கனத்த திரைச்சீலை?

சுரப்பிக்காரர் | 12 பிப்ரவரி, இரவு 10:00

பாதி வரை முடியும். சிகாகோவில் ஈஸ்ட்மன் குழு அதைத்தான் செய்து பார்த்தது. ராத்திரி வேலை நேரத்தில் விட்டுவிட்டுப் பிரகாசமான வெளிச்சம், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, இருட்டறை. ஆஃப் நாளிலும் பகல் மனிதராக மாறாமல் அதிகாலை மூன்றுக்குப் படுத்து நண்பகலுக்கு எழ வேண்டும். கடிகாரம் நடுவழியில் நின்றுகொள்ளும், உடல் வெப்பம் தாழும் நேரம் பகல் தூக்கத்துக்குள் வந்துவிடும். வேலையில் தடுமாற்றம் குறைந்தது. அது செயற்கை நைட் டூட்டி என்பதையும் மறக்க வேண்டாம்.

விடியல்_வார்டு | 12 பிப்ரவரி, இரவு 10:35

ஆஃப் நாளில் நண்பகல் வரை தூங்குகிற வீடு யாருக்கு வாய்க்கும்? பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை இருந்தால் ஆறு மணிக்கே எழுந்தாக வேண்டும். அதிலும் நான் மாதத்தில் பாதிதான் நைட், எனக்குக் கடிகாரத்தை நகர்த்தாமல் விடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். தொடர்ந்து நைட் பார்ப்பவருக்கு நடுவழி சரியாக வரலாம். கறுப்புக் கண்ணாடி பற்றி ஒரு பயம்: தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர் போட வேண்டாம். பஸ்ஸில் போகிறவர் போடட்டும்.

சுரப்பிக்காரர் | 12 பிப்ரவரி, இரவு 10:44

வண்டி விஷயத்தில் முழு உடன்பாடு. நகர்த்தாமல் விடுவதா, நடுவழிக்குக் கொண்டுவருவதா என்பதில் இல்லை. மாதத்தில் பாதி நைட் என்றாலும் அவை தொடர்ச்சியாக வந்தால் நான் நடுவழியைத்தான் சொல்வேன்.

மூன்றாம்_ஷிஃப்ட் | 27 பிப்ரவரி, மாலை 6:10

மருத்துவரைப் பார்த்தேன். இங்கே பேசியதைச் சொன்னதும், ஆஃபில் தொடர்ந்து இரண்டு ராத்திரி வீட்டில் தூங்கிவிட்டு எடுக்கச் சொன்னார். சாயங்காலம் எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை ஏழரைக்கு ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிறு 102. ரத்தசோகை இல்லையென்று பார்த்துவிட்டு ஹெச்பிஏ1சியும் எடுத்தார், 5.6. "100க்கு மேல் போனதால் கவனிக்க வேண்டும், ஹெச்பிஏ1சி இன்னும் 5.7ஐத் தொடவில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம்" என்றார். ஆக 118ம் இல்லை, 96ம் இல்லை. ஐந்து மணி காபியை நிறுத்திவிட்டேன், மூன்று மணி சாண்ட்விச்சை இன்னும் விட முடியவில்லை.

விடியல்_வார்டு | 27 பிப்ரவரி, இரவு 7:00

நல்ல மருத்துவர். ஹெச்பிஏ1சிக்கு நேரம் காலம் கிடையாது, நைட் முடித்து வந்தும் கொடுக்கலாம், அது மூன்று மாதக் கதையைச் சொல்லும். ரத்தசோகை மாதிரி நிலைகளில் தடம் மாறும், அதையும் பார்த்துவிட்டார். ஆறு மாதத்தில் எடுக்கும்போதும் இதே மாதிரி இரண்டு ராத்திரி தூங்கிவிட்டுப் போங்கள், அப்போதுதான் 102ஐ அதோடு ஒப்பிட முடியும். சீட்டின் மூலையில் கடைசியாகச் சாப்பிட்ட மணி, கடைசியாகத் தூங்கிய மணி, கடைசி நைட் எந்தத் தேதி, இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

சாண்ட்விச்சை ஒரேயடியாக விட வேண்டாம். முதலில் அதைப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் நகர்த்துங்கள். மூன்று மணிக்கு வாய் கேட்டால் முட்டை.

நெடுஞ்சாலை_நிலவு | 28 பிப்ரவரி, காலை 6:45

க்ளிமெபிரைட்டை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். நடுக்கம் இல்லை. ராத்திரி பத்துக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டு ஏறுகிறேன். காலையில் குத்தினால் மட்டும் 150க்குக் குறையவே மாட்டேன் என்கிறது, ஐந்து மணிக்கு 130 இருந்தது ஏழு மணிக்கு 155. நடுவில் ஒன்றுமே சாப்பிடவில்லை அக்கா.

சுரப்பிக்காரர் | 28 பிப்ரவரி, காலை 8:20

இப்போதுதான் முதல் நாள் நண்பர் சொன்ன கார்டிசால் நேராக மேடைக்கு வருகிறது. விடியலில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கல்லீரலைத் தூண்ட, சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதை ஈடுகட்டப் போதிய இன்சுலின் இருப்பதில்லை. தூங்குகிறவர்களிடம் தினமும் பார்ப்போம். விழித்து வண்டி ஓட்டுகிறவரிடம் எவ்வளவு பங்கு கார்டிசால், எவ்வளவு பங்கு தூக்கமின்மை, எவ்வளவு பங்கு மீட்டரின் முன்பின் என்று இரண்டு எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. ஒரு வாரம் ஐந்துக்கும் ஏழுக்கும் எடுத்து, பக்கத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றும் எழுதிப் போடுங்கள். வண்டியை நிறுத்திவிட்டுக் குத்துங்கள்.